கனுப்பிடியும் நாலு வரியும்

12 ஜனவரி 2025, ஞாயிறு

காலையில் கடைத்தெருவில் மஞ்சள் கொத்து வாங்கினேன். இலை கிழியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் கடைக்காரருக்குக் கோபம். பானையில் கட்ட யாருக்கும் இலை முக்கியமில்லை, கிழங்கு இருந்தால் போதும். எனக்கு இலைதான் வேண்டும், புதன்கிழமை அதில்தான் பிடி வைக்க வேண்டும். நல்ல அகலமாக நாலு இலை தேறின.

மாட்டுப் பொங்கலன்று காலையில் கூடப்பிறந்தவர்களுக்காகப் பெண்கள் காக்கைக்கு அன்னம் வைப்பதைத்தான் எங்கள் பக்கம் கனு என்கிறோம். கணு என்று எழுதுபவர்களும் உண்டு. அம்மா இரண்டு சுழியோடுதான் எழுதுவாள், எனக்கும் அப்படியே.

இந்த வருஷம் ஒரு சங்கடம். கும்பகோணத்து வீட்டை விற்கிற விஷயத்தில் அண்ணாவும் அம்பியும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. அண்ணா சென்னையில், அம்பி மஸ்கட்டில், நான் ஸ்ரீரங்கத்தில். இரண்டு பேருமே என்னிடம் நன்றாகப் பேசுகிறார்கள், அதுதான் கஷ்டம். கனுவன்று இருவருக்கும் நாலு வரி எழுதி அனுப்புவது என் வழக்கம். இந்தத் தடவை என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

13 ஜனவரி, போகி

கழிக்க வேண்டியதைக் கழிக்கலாம் என்று கும்பகோணத்திலிருந்து வந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எதையும் கழிக்கவில்லை. அப்பாவுக்கு அத்தை எழுதிய இன்லண்டு கடிதம் ஒன்று கிடைத்தது, 1974 தை மாதம் எழுதியது. ஓரம் முழுக்கப் பூச்சி அரித்திருந்தாலும் நடுவில் எழுத்து தெளிவாக இருக்கிறது.

அத்தைக்கு முப்பத்தொரு வயதில் கணவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளைப் பிடி வைக்க விடவில்லை. மஞ்சளும் குங்குமமும் கலந்த காரியம், சுமங்கலிகளும் கன்னிப் பெண்களும்தான் செய்யலாம் என்று அப்போது சொல்வார்கள். இப்போதும் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. தம்பிக்காக வேண்டிக்கொள்ள அவளுக்கு மிச்சமிருந்தது கடிதம் மட்டும்தான்.

"சி. தம்பிக்கு அக்கா அநேக ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம். இன்று எல்லோரும் பிடி வைத்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடியில் நீ வாங்கின கடன் அடுத்த கனுவுக்குள் அடையட்டும். கிணற்றில் தண்ணீர் குறையாமல் இருக்கட்டும். சௌ. கமலிக்குப் பிரசவம் சுகமாக ஆகட்டும்."

அந்தப் பிரசவத்தில் பிறந்தவள் நான். பேர், புகழ் என்று ஒன்றுமே அதில் இல்லை. கடன், கிணறு, பிரசவம், அவ்வளவுதான். தம்பி வீட்டில் அந்த மாதம் எது கவலை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

14 ஜனவரி, பொங்கல்

பானை நன்றாகப் பொங்கிற்று. மற்றபடி எல்லா வருஷமும் போல. ராத்திரி கனுவுக்கான சாதத்தை எடுத்து வைத்தேன். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். பழையதுக்குப் போடுவது போலத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் உருண்டை நிற்காது. கொஞ்சம் குழைவாக வடித்து, ஆறவிட்டு, அப்படியே மூடி வைக்க வேண்டும். சர்க்கரைப் பொங்கலிலும் ஒரு கரண்டி தனியாக எடுத்தாயிற்று.

15 ஜனவரி, கனு

ஐந்து மணிக்கு எழுந்தாயிற்று. மேற்கே நிலா இன்னும் பெரிதாக இருந்தது, முந்தாநாள்தான் பௌர்ணமி. கனுப்பிடியைக் குளிக்காமல் வைக்க வேண்டும், பல் தேய்த்து முகம் கழுவினால் போதும். வைத்து முடித்த பிறகுதான் ஸ்நானம். முன்பெல்லாம் ஆற்றங்கரையில் வைத்துவிட்டு அங்கேயே முங்கிவிட்டு வருவார்கள், அதனால் வந்த முறையாக இருக்கலாம். நாங்கள் மொட்டை மாடியில் வைக்கிறோம்.

முதலில் மஞ்சள் கீறுதல். பானையில் கட்டியிருந்த கொத்திலிருந்து கிழங்கை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் போனோம், அப்புறம் எதிர்வீட்டு மாமியிடம். கிழங்கை நெற்றியில் தேய்த்துக்கொண்டே பெரியவர்கள் சொல்கிற வாழ்த்து நீளமானது. "தாயோடும் தந்தையோடும், சீரோடும் சிறப்போடும், பேரோடும் புகழோடும்" என்று தொடங்கி, "கொண்டவன் மனம் மகிழ, மாமனார் மாமியார் மெச்ச, பிறந்தகத்தார் பெருமை விளங்க" என்று ஒவ்வொரு உறவாகத் தொட்டுக்கொண்டு போகும். நடுவில் "சிறு வயதில் தாலி கட்டி" என்று ஒரு வரி உண்டு. என் பெண்ணின் நெற்றியில் தேய்க்கும்போது எதிர்வீட்டு மாமி அந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டு, "நல்ல வேலையோட" என்று ஒன்றைச் செருகினாள். இவள் சிரித்ததில் மஞ்சள் மூக்குக்கு வந்துவிட்டது.

பிறகு சாதம் பிசைந்தேன். வெள்ளை அப்படியே. மஞ்சளுக்கு மஞ்சள்பொடியும் கையில் ஒட்டாமலிருக்க ஒரு சொட்டு நெய்யும். சிவப்புக்குச் சிலர் குங்குமம் கலக்கிறார்கள். கடைக் குங்குமத்தில் என்ன சாயம் இருக்குமோ, காக்கை தின்கிற சோறு. நான் மஞ்சள் சாதத்திலேயே ஒரு பங்கை எடுத்து, வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைத் தொட்டுப் பிசைவேன், சிவந்துவிடும். மிளகளவு போதும். போன வருஷம் நிறம் வரவில்லையே என்று கூடப் போட்டுவிட்டேன். காக்கை மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டுச் சிவப்பை மட்டும் வரிசை குலையாமல் விட்டுப் போயிற்று. இவற்றோடு சர்க்கரைப் பொங்கலும் தயிர் சாதமும். நெல்லிக்காயளவு உருண்டை, ஒவ்வொன்றிலும் ஏழு. இது எங்கள் வீட்டுக் கணக்கு, ஐந்தோ ஒன்பதோ வைப்பவர்களும் உண்டு.

கோலத்தின் மேல் இலையைப் போட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து வரிசையாக வைத்தோம். பக்கத்தில் வெற்றிலை பாக்கு, பழம், கரும்புத் துண்டு. "காக்காப்பிடி வச்சேன், கனுப்பிடி வச்சேன், காக்கா கூட்டம் கலைஞ்சாலும் எங்க கூட்டம் கலையக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே வைக்க வேண்டும். என் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அண்ணா பிள்ளைக்கும் அம்பி பிள்ளைக்கும் வைத்தாள். அவள் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டாள். எனக்குக் கடைசி வரி வரும்போது தொண்டை அடைத்தது. ஆரத்தித் தண்ணீரை இலையைச் சுற்றி விட்டுவிட்டு இறங்கினோம். படியில் பாதி இறங்குவதற்குள் காக்கை வந்துவிட்டது. புறாக்கள் முந்திக்கொள்ளவில்லை என்பதில் ஒரு திருப்தி.

மத்தியானம் தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர் சாதம், அவியல். எல்லோரும் சாய்ந்த பிறகு போனை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.

முதலில் அம்பிக்கு எழுதினேன். தம்பி என்பதால் ஆசீர்வாதமே எழுதலாம். எழுதியது இது:

"சி. அம்பிக்கு அநேக ஆசீர்வாதம். இன்று பிடி வைத்தேன். காக்கை கூட ஒன்றாகக் கூடித்தான் சாப்பிடுகிறது. நம் கூட்டமும் கலையாமல் இருக்கணும். அண்ணா பெரியவன், நீ ஒரு போன் பண்ணினால் குறைந்துபோக மாட்டாய். பேரோடும் புகழோடும் இரு."

படித்துப் பார்த்தால் வாழ்த்து மாதிரியே இல்லை, புத்திமதி. பிடி வைக்கும்போது வாயால் சொன்ன அதே வரிதான். அங்கே அது காக்கையிடம் சொன்னது, வேண்டுதலாக இருந்தது. இங்கே அவன் பெயருக்குக் கீழே எழுதியதும் குத்திக்காட்டுவது போல ஆகிவிட்டது. காக்கை கூட என்பதில் அந்தக் "கூட" இருக்கிறதே, அது ஒன்றே போதும் அவன் போனை மூடி வைக்க. நாலாவது வரி நிபந்தனை, போன் பண்ணினால்தான் ஆசீர்வாதம் என்பது போல. இரண்டையும் அடித்தேன். பேர் புகழ் என்பது யாருக்கு வேண்டுமானாலும் போகும், அதையும் அடித்தேன். மிஞ்சியது முதல் வரி.

அத்தை செய்தபடி செய்து பார்க்கலாம் என்று, அம்பிக்கு இந்த மாதம் என்ன கவலை என்று யோசித்தேன். வேலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இன்னொன்றும் இருக்கிறது, அவன் மனைவி இரண்டாவது குழந்தைக்காக ரொம்பப் பட்டிருக்கிறாள். நல்லவேளை, வழக்கப்படி "பதினாறும் பெற்று" என்று போடவில்லை. போன தீபாவளிக்கு யாரோ அப்படி எழுதி, அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று சொன்னான்.

"சி. அம்பிக்கும் சௌ. மன்னிக்கும் அநேக ஆசீர்வாதம். காலையில் உனக்காகப் பிடி வைத்தேன், உடனே காக்கை வந்தது. மார்ச்சில் ஒப்பந்தம் நல்லபடி நீளட்டும். குழந்தை பயமில்லாமல் பரீட்சை எழுதட்டும். ராத்திரி உனக்கு நல்ல தூக்கம் வரட்டும். அக்கா."

அனுப்பப் போகும்போதுதான் மன்னி என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். தம்பி மனைவி எப்படி எனக்கு மன்னியாவாள்! அண்ணாவுக்கு எழுதப்போகிற ஞாபகம். பெயரைப் போட்டுத் திருத்தினேன்.

அண்ணாவுக்கு வேறு மாதிரி. வயதில் சின்னவள் பெரியவனை ஆசீர்வதிப்பதில்லை, நமஸ்காரம்தான் எழுத வேண்டும். "அட்டும்" போட்டு எழுதினாலும் பொருந்தாது. அவனுக்காகப் பெருமாளிடம் கேட்டுக்கொண்டதைச் சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு சௌகரியம், நேரே சொல்ல முடியாததையும் பெருமாளிடம் சொன்னதாகச் சொல்லிவிடலாம்.

"அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். காலையில் பிடி வைத்தேன். உன் வலது முட்டி வலி குறைந்து, சித்திரைக்குள் நீ மாடி ஏறி இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கும்பகோணத்து வீட்டுக் காரியம் யார் மனசும் நோகாமல் முடிய வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். தங்கை."

வீட்டைப் பற்றிய வரியை இரண்டு தடவை அடித்து இரண்டு தடவை திரும்ப எழுதினேன். "யார் மனசும்" என்பதில் அண்ணா மனசும் இருக்கிறது, அம்பி மனசும் இருக்கிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அம்பிக்கு அந்த வரியை எழுதவில்லை. அவனுக்கு இப்போது வீடு என்ற வார்த்தையே ஆகாது.

ராத்திரி சாதம் கிடையாது. இரண்டு தோசையோடு சரி.

16 ஜனவரி, காணும் பொங்கல்

அம்பி நேற்று ராத்திரியே கனுப்பணம் 501 அனுப்பியிருந்தான். கீழே "தூங்கினேன் அக்கா" என்று ஒரே வரி, காலை ஆறு மணிக்கு வந்திருக்கிறது.

அண்ணா பதினோரு மணிக்குக் கூப்பிட்டான். 1001 போட்டிருப்பதாகச் சொன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் மன்னி வைத்த அவியலைப் பற்றிப் பேசினான். அப்புறம், "அவனுக்கு என்ன எழுதினே?" என்றான்.

"உனக்கு எழுதினதை அவன்கிட்ட சொல்லலையே. அவனுக்கு எழுதினதை உன்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

"சரி சரி." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ராத்திரி தூங்கறானாமா?"

"நேத்து தூங்கினானாம்."

"ம்." மறுபடி சத்தமில்லை. வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தேன். "அது இருக்கட்டும், வலி வலது முட்டியில இல்லை. இடது முட்டி."

பெருமாளுக்குத் தெரியும் என்றேன். அடுத்த வருஷம் சரியாக எழுது என்றான்.