வழவழ டைல்ஸில் மாக்கோலம் நின்றுவிட்டது

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் போட்ட மாக்கோலம் ஞாயிறு ராத்திரி வரை நின்றது. ஒரு இழைகூடப் பெயரவில்லை. மூன்றாவது மாடி, நான்கு வீட்டுக்கும் பொதுவான நடை, லிஃப்ட் கதவிலிருந்து எங்கள் வாசல் நாலே எட்டு. அந்த இடத்தில் இது நடந்தது என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கார்த்திகையில் ஆரம்பித்த முயற்சி தை முதல் வெள்ளியில் கைகூடியிருக்கிறது.

மார்கழியில் பெரும்பாலும் பொடிக்கோலம்தான் போட்டேன், அதில் பெரிய சிக்கல் இல்லை. தரையை நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, டைல்ஸ் லேசாக மங்கித் தெரியும்போதே புள்ளி வைத்துவிட வேண்டும். தண்ணீர் தெளித்தால் டைல்ஸ் குடிக்காது, மேலேயே நிற்கும், மாவு கட்டி கட்டியாகிவிடும். முழுக்கக் காயவிட்டால் மாடிப்படி ஜன்னல் காற்றுக்கு மாவு எதிர்வீட்டு மிதியடிக்குப் போய்விடும். நடுவில் கிடைக்கும் அந்த ரெண்டு நிமிஷத்தைப் பிடித்தால் போதும். ஆனால் பொடிக்கோலம் எட்டு மணிக்குள் கலைந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், பால்காரர், கூரியர் என்று எல்லோரும் அந்த வழியில்தான் வருவார்கள், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தை வெள்ளிக்கு மாக்கோலம்தான், அது ரெண்டு நாளாவது நிற்க வேண்டும் என்று ஆசை.

மாக்கோலம் மண் தரையிலும் சிமெண்டுத் தரையிலும் தானாக நிற்கும். தரை தண்ணீரை உறிஞ்சும்போது நைஸாக அரைத்த மாவும் கூடவே துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைல்ஸில் உறிஞ்சுவதற்கு ஒன்றுமே கிடையாது, அதன் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் கீழே. தண்ணீர் ஆவியாகப் போன பிறகு மாவு தரைக்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். கார்த்திகை தீபத்தன்று நான் போட்டது அப்படித்தான் போனது. காய்ந்ததும் வெள்ளை வெளேரென்று அருமையாக இருந்தது, முதல் செருப்பு பட்டதும் பவுடராக உதிர்ந்தது.

அடுத்து காவி பூசி அதன் மேல் போட்டுப் பார்த்தேன், மார்கழி ரெண்டாவது வெள்ளி. இதைச் செய்யாதீர்கள். காவி டைல்ஸிலிருந்து சுலபமாக வந்துவிட்டது, ஆனால் ரெண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் இணைப்புச் சிமெண்டில் இறங்கி, இன்றைக்கும் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிகிறது. பொது நடை என்பதால் சங்கத்திலிருந்து ஒரு பேச்சும் வாங்கினேன். பழைய பல்துலக்கியும் சோப்புத்தூளும் வைத்து அரை மணி நேரம் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. அதிலிருந்து கோலம் ஒரே டைல்ஸுக்குள் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் நடையில் இருப்பது ரெண்டுக்கு ரெண்டு அடி டைல்ஸ், நடுத்தரப் படிக்கோலம் ஒன்று தாராளமாக அடங்கும். இணைப்பைத் தாண்டி இழை போனால் மாவு அந்தப் பள்ளத்தில் வாய்க்கால் மாதிரி ஓடி, கோட்டின் அளவு கெட்டுவிடும், அதற்கும் இது நல்லது.

வழி சொன்னது எதிர்வீட்டுப் பாட்டி. கும்பகோணத்துப் பக்கம். நான் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பச்சை மாவு எங்கயாவது ஒட்டுமா? போஸ்டர் ஒட்டறவன் மாவைக் காய்ச்சித்தானே ஒட்டறான்? கொஞ்சம் கஞ்சி விட்டுப் பாரு" என்றார். யோசித்தால் அவ்வளவுதான் விஷயம். வேகாத மாவில் பசை கிடையாது, வெந்தால்தான் பசை. சிமெண்டுத் தரையில் துளைகள் செய்த வேலையை இங்கே கஞ்சி செய்ய வேண்டும்.

எவ்வளவு கஞ்சி என்பதில்தான் மூன்று வாரம் போனது. முதலில் ஒரு டம்ளர் மாவுக்கு ஒரு குழிக்கரண்டி சோற்றுக் கஞ்சி விட்டேன். போடும்போது இழை வழுக்கிக்கொண்டு அழகாக வந்தது. சாயங்காலம் பார்த்தால் கோடு முழுக்க விரிசல், ஓரங்கள் சுருண்டு மேலே எழும்பி, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வருகிறது. கஞ்சி காயும்போது சுருங்கும், மாவுக்குள் அது அதிகமாக இருந்தால் கோட்டையே இழுத்துத் தூக்கிவிடுகிறது. அதோடு வடித்த கஞ்சி ஒருநாள் கெட்டி, ஒருநாள் தண்ணீர், உப்புப் போட்டு வடிப்பதும் உண்டு. அளவு பிடிக்க முடியாது என்று அதை விட்டுவிட்டேன்.

பரணில் வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் ஒன்று கிடந்தது. அதை இறக்கி வைத்து, அரை டம்ளர் மாவாகப் பிரித்து, ஒன்றில் ஒரு டீஸ்பூன், இன்னொன்றில் ரெண்டு, மூன்றாவதில் நாலு என்று, அதே மாவைக் காய்ச்சிய பசை கலந்து, பக்கத்தில் பக்கத்தில் ஒரு சாண் கோடு போட்டுக் காயவிட்டேன். மறுநாள் விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒரு ஸ்பூன் கோட்டைத் தொட்டதும் விரலில் வெள்ளை ஒட்டியது, பசை போதவில்லை. நாலு ஸ்பூன் கோட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தால் தகடு மாதிரி கிளம்பியது, பசை அதிகம். ரெண்டு ஸ்பூன் கோடு தேய்த்தாலும் வரவில்லை, நகத்துக்கும் கிளம்பவில்லை, ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் போட்டு வைத்தால் மட்டும் சுத்தமாக வந்தது. நடை பொது இடம், நினைத்தபோது தடம் இல்லாமல் துடைக்க முடிய வேண்டும், அதனால் இந்தக் கடைசி விஷயத்தை நான் ரொம்ப முக்கியமாகப் பார்த்தேன். வெள்ளைப் பசை கலக்கச் சொன்னவர்களும் உண்டு, அதைக் கிளப்பச் சுரண்ட வேண்டியிருக்கும் என்று நான் தொடவில்லை.

இப்போது செய்வது இதுதான். பச்சரிசி ரெண்டு மணி நேரம் ஊறி, மிக்ஸியில் நைஸாக அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, எருமைப்பால் பதத்துக்கு ஒரு டம்ளர். அந்த மாவிலேயே ஒரு ஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, சின்னத் தீயில் கிளறினால் கண்ணாடி மாதிரி ஆகிக் கெட்டிப்படும். முழுக்க ஆறவிட வேண்டும், சூடாக ஊற்றினால் மிச்ச மாவும் திப்பி தட்டிவிடும். ஆறிய பசையில் நாலு டீஸ்பூன் எடுத்து டம்ளர் மாவில் கலக்கினால் தீர்ந்தது. பழைய வேட்டித் துணியில் உள்ளங்கை அளவு துண்டு, அதை நனைத்துப் பிடித்து மோதிர விரல் வழியாக இழை இறக்குவது எல்லோரும் செய்வதுதான். நைலான் கலந்த துணி வேண்டாம், மாவைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் ஒரேயடியாகக் கொட்டிவிடும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பசை கலந்த மாவு ஈரமாக இருக்கும்போது சாதா மாவைவிட மங்கலாகத் தெரியும், கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்க் கோடு. பயந்துபோய் மேலே இன்னொரு இழை போட்டால் கோடு தடித்து, தடித்த இடத்தில்தான் முதல் விரிசல் விடும். அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் காபி போட வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை முக்கால் மணி நேரம் ஆனது. ஓரத்திலிருந்து ஒவ்வொரு இழையாக வெளுத்துக்கொண்டு நடுவுக்கு வந்ததைக் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நடை கூட்டித் துடைக்க வரும் அக்காவிடம் முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன். "நீங்க போடுங்கக்கா, நான் சுத்தித் துடைச்சுக்கறேன்" என்று மூன்று நாளும் அந்த ஒரு டைல்ஸை விட்டுத் துடைத்தார். அவர் மாப்பை ஒரு இழுப்பு இழுத்திருந்தால் என் கஞ்சி எல்லாம் கரைந்திருக்கும்.

தோரணத்துக்கு வருகிறேன். எங்கள் வாசலில் மரக்கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கதவு ஒன்று உண்டு, வெளிப்பக்கமாகத் திறக்கும். நிலைக்கு வெளியே தோரணம் கட்டினால் கிரில் ஒவ்வொரு முறையும் இலையை வாரிக்கொண்டு போகும். ஒட்டும் கொக்கி பாலிஷ் போட்ட நிலையில் ஒரு ராத்திரி தாங்கவில்லை. இப்போது குளியலறைத் திரைக்குப் போடும் ஸ்பிரிங் கம்பியை நிலையின் ரெண்டு பக்கத்துக்கும் நடுவே, கிரிலுக்கும் மரக்கதவுக்கும் இடைப்பட்ட இடத்தில் முட்டுக்கொடுத்து, அதில் கட்டுகிறேன். ஆணி இல்லை, இடிப்பும் இல்லை. மாவிலை முற்றின கரும்பச்சையாக இருக்க வேண்டும், கொழுந்து மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடித்து ஈர்க்குச்சி குத்தினால் இலை சருகானாலும் விழாது. மயிலாப்பூர் தெப்பக்குளம் பக்கம் வியாழக்கிழமை சாயங்காலம் போனால் நல்ல கொத்து கிடைக்கிறது. செவ்வந்திச் சரம் ரெண்டாம் நாளே இதழ் உதிர்த்தது, அது கோலத்தில் ஒட்டிக் கறையானது. அடுத்த வாரம் வெறும் மாவிலை மட்டும்தான்.

விளக்கு இன்னும் சரியாகவில்லை. கார்த்திகைக்குத் தரையில் நேராக வைத்த அகலிலிருந்து எண்ணெய் கசிந்து டைல்ஸில் வட்டம் விழுந்திருந்தது. துடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பின்னால் ஒரு வெள்ளி அங்கே கோலம் போட்டபோது, அந்த வட்டத்துக்கு மேல் மட்டும் இழை முத்து முத்தாகத் திரண்டு அறுந்துபோனது. பிசுக்கு கண்ணுக்குத் தெரியவில்லை, மாவுக்குத் தெரிந்துவிட்டது. சோப்புத் தண்ணீர், அப்புறம் வெறும் தண்ணீர் என்று ரெண்டு தடவை துடைத்த பிறகுதான் இழை ஓடியது. காய்ந்த கோலத்தின் மேல் எண்ணெய் பட்டாலும் கெடுதல், அந்த இடம் மஞ்சளாகி ஊடுருவித் தெரியும். இப்போது அகலை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து எடுக்கிறேன், கசிவு நன்றாகக் குறைந்திருக்கிறது. அடியில் ஒரு பித்தளைத் தட்டும் உண்டு.

இடம்தான் பிரச்சினை. மாடிப்படிக்குப் போகும் வழியில் வைக்கக் கூடாது, அவசரத்துக்கு எல்லோரும் இறங்கும் வழி அது, புடவைத் தலைப்பும் பிள்ளைகளும் போகும் உயரம். பக்கத்திலேயே செருப்பு அலமாரி, மரம். அதனால் நிலைப்படியை ஒட்டி உள்பக்கமாக வைத்து, ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை கதவைத் திறந்து போட்டு நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தால் மலையேற்றிவிடுவேன். அந்தக் காலத்து வீடுகளில் வாசல் சுவரில் பிறை இருக்கும், காற்றும் படாது, காலும் படாது. அதே மாதிரி மூன்று பக்கமும் மூடிய சின்னப் பிறை ஒன்று சுட்ட மண்ணில் கிடைக்குமா என்று தேடுகிறேன். கொசப்பேட்டையில் அகல் வாங்கும் இடத்தில் கேட்டிருக்கிறேன், அளவு எடுத்து வரச் சொன்னார்கள். நிலைக்கும் அழைப்பு மணிக்கும் நடுவே எனக்குக் கிடைப்பது ஏழு அங்குலம். புகை மேல்பக்கம் எப்படிப் போகும் என்பதற்கு ஓட்டை வைக்கச் சொல்ல வேண்டும், நாளைக்கு அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.