நெற்றியில் வெளுத்த திட்டு: ரா ஃபைலில் மீள்வதும் ஜேபெக்கில் மீளாததும்

கல்யாணப் படங்களை எடிட் செய்ய உட்கார்ந்தால் அடிக்கடி கையில் சிக்கும் ஃபிரேம் ஒன்று உண்டு. மண்டப வாசலில் காலை பத்து, பத்தரை மணி வெயில். மாப்பிள்ளை மாநிறம், வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டி. வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழுவதால் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் வெளுத்த திட்டு. மறுபக்கம் காதோரம், கழுத்து, தலைமுடி எல்லாம் கருத்துக் கிடக்கும். கேமராவில் ரா, ஜேபெக் இரண்டும் பதிவாகியிருந்தால் வெளுத்ததும் கருத்ததும் எதில் எவ்வளவு மீளும் என்பதை அந்த ஒரு ஃபிரேமை வைத்தே முழுவதும் பார்த்துவிடலாம்.

முதலில் ஜேபெக். ஃபோட்டோஷாப்பில் திறந்து `Info` பேனலைப் பார்த்துக்கொண்டே மவுஸை முகத்தின் மேல் நகர்த்துங்கள். நல்ல வெளிச்சத்தில் இருக்கும் கன்னத்தில் சிவப்பு 214, பச்சை 160, நீலம் 126 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நெற்றித் திட்டுக்குப் போனால் சிவப்பு 255, பச்சை 236, நீலம் 198. மூன்றில் சிவப்பு மட்டும் கூரையில் முட்டி நிற்கிறது. மற்ற இரண்டுக்கும் இன்னும் இடம் இருக்கிறது. தோலில் சிவப்பு எப்போதும் அதிகம் என்பதால் வெளிச்சம் கூடும்போது முதலில் முட்டுவதும் சிவப்புதான். அது நின்றபிறகும் பச்சை ஏறிக்கொண்டே போகும். சிவப்பு நின்று பச்சை ஏறினால் கிடைப்பது மஞ்சள். அதனால்தான் ஜேபெக்கை லைட்ரூமில் திறந்து `Highlights` ஸ்லைடரை -100 வரை இழுத்தாலும் நெற்றி தோல் நிறத்துக்கு வராமல், மஞ்சள் பூத்த சாம்பல் திட்டாக நிற்கிறது. ஸ்லைடரால் வெளிச்சத்தைக் குறைக்க முடியும். பதிவாகாத சிவப்பை எங்கிருந்து கொண்டுவரும்?

அதே இடம் ரா ஃபைலில் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். பகல் வெளிச்சத்தில் பெரும்பாலான சென்சார்கள் பச்சையைத்தான் அதிகமாக வாங்கும்; சிவப்பு ஏறத்தாழ அதில் பாதிதான் பதிவாகும். ஒயிட் பேலன்ஸ் சரிசெய்யும்போது அந்தச் சிவப்பைக் கிட்டத்தட்ட இரண்டால் பெருக்குகிறார்கள். ஜேபெக்கில் இந்தப் பெருக்கல் கேமராவுக்குள்ளேயே முடிந்து, வெள்ளைக்கு மேலே போனது வெட்டி எறியப்பட்டுவிடுகிறது. ரா ஃபைலில் பெருக்கலுக்கு முந்தைய எண்தான் இருக்கிறது. வெள்ளையின் அளவை 100 என்று வைத்தால் நெற்றியின் உண்மையான சிவப்பு தோராயமாக 160. ஜேபெக் 100-லேயே வெட்டிவிட்டது. சென்சாரில் பதிவானதோ அந்த 160-ல் பாதி, 80 அளவில், முட்டவே இல்லை. கேமராவின் திரையில் வெளுப்பு எச்சரிக்கையாகக் கறுப்பு வெள்ளையாக மினுக்கிய நெற்றி ராவில் முழுசாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த மினுக்கல், ஹிஸ்டோகிராம் இரண்டுமே ரா ஃபைலைப் பார்த்து வருவதில்லை. கேமரா உள்ளே தயாரிக்கும் ஜேபெக்கைப் பார்த்து வருகின்றன.

இதில் ஒரு கண்டிஷன் உண்டு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே வெளிச்சத்திலேயே சிவப்பு நிறைய இருப்பதால் சிவப்புக்கான பெருக்கல் ஒன்றை நெருங்கிவிடும். சென்சாரிலேயே சிவப்பு கூரையருகில் போய்விடும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் வெளுத்த நெற்றி, வெயிலில் வெளுத்த நெற்றி அளவுக்கு மீளாது. ‘ராவில்தானே எடுத்தோம், பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மீளுமா மீளாதா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். லைட்ரூமில் `Exposure`-ஐ தற்காலிகமாக -2 வரை இறக்குங்கள். திட்டுக்குள் தோலின் துளைகள் தெரிந்து, ஓரத்திலிருந்து நடு வரை நிறம் படிப்படியாக மாறினால் உள்ளே விவரம் இருக்கிறது. ஒரே நிறத்தில் தட்டையாக, பூச்சு அடித்த மாதிரி விளிம்பு தெரிந்தால் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டு `Exposure`-ஐப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம்.

இந்தச் சோதனையில் சட்டையும் நெற்றியும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ரா ஃபைலில் ஒரு நிறம் மட்டும் முட்டியிருந்தால் சாஃப்ட்வேர் மீதி இரண்டை வைத்து அதை ஊகித்து நிரப்பும். ஊகிக்கும்போது நிறமில்லாத சாம்பல் பக்கமே சாயும். வெள்ளைச் சட்டைக்கு அது பொருந்திவிடுகிறது. மடிப்பும் தையலும் திரும்ப வந்து, நிறமும் சரியாகவே இருக்கும். தோலில் அதே ஊகம் உயிரில்லாத வெளிறிய திட்டாகத் தெரியும். சட்டை மீண்டதைப் பார்த்து நெற்றியும் மீண்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. இரண்டையும் தனித்தனியாக 100 சதவீத அளவில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

எண்ணெய்ப் பசையாலும் வியர்வையாலும் மூக்கு நுனியில், நெற்றி நடுவில் வரும் சின்னப் பளபளப்பு வேறு விஷயம். அது விளக்கின் பிரதிபலிப்பு. அதற்கு அடியில் தோல் விவரம் அதிகம் கிடையாது. அதை முழுக்க இறக்கினால் அழுக்கு ஒட்டிய மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் தணித்தால் போதும்.

இனி அந்த ரா ஃபைலில் வேலை. ஒயிட் பேலன்ஸைத்தான் முதலில் முடிக்க வேண்டும். அதை மாற்றினால் நிறங்களின் பெருக்கல் மாறி, எது முட்டுகிறது என்பதும் மாறிவிடும். அடுத்து `J` விசையை அழுத்தி முட்டிய இடங்களைச் சிவப்பில் காட்டச் சொல்லலாம். இந்த ஃபிரேமுக்கு `Exposure` -0.50, `Highlights` -45 என்று தொடங்கினால் சட்டையும் நெற்றியும் பெரும்பாலும் அடங்கும். படம் மங்கிப்போனால் `Alt` விசையை அழுத்திக்கொண்டு `Whites`-ஐ ஏற்ற வேண்டும். சட்டையில் முட்டியதைக் காட்டும் முதல் புள்ளி தெரியும் இடத்தில் நிறுத்திவிடலாம். நெற்றியில் இன்னும் மிச்சமிருந்தால் படம் முழுக்க `Highlights`-ஐ இழுக்காமல், பிரஷ்ஷில் அந்த இடத்துக்கு மட்டும் -30 கொடுப்பது நல்லது. முழுப் படத்துக்கும் -100 கொடுத்தால் மூக்குத் தண்டு, கன்ன மேடு எல்லாம் தட்டையாகி, முகம் களிமண்ணில் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்து இருட்டுப் பக்கம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதில் கழுத்தும் முடியும் இருக்கும் அடிப்பகுதி 0 முதல் 20 வரை, அதாவது 21 படிகள். அதை இரண்டு ஸ்டாப் தூக்கினால் 20 ஏறத்தாழ 47-க்குப் போகும். 21 படிகளை 48 இடங்களில் பரப்ப வேண்டும். நடுவில் பாதிக்கு மேல் காலி. மென்மையாக இறங்க வேண்டிய கழுத்து நிழல் படிக்கட்டாகத் தெரிவது இதனால்தான். போதாததற்கு ஜேபெக் சுருக்கும்போது நிறத்தைக் குறைந்த விவரத்தோடுதான் வைக்கும்; படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகவும் பிரித்துவிடும். கேமராவின் நாய்ஸ் குறைப்பும் முடியிழைகளை முன்னமே தேய்த்திருக்கும். தூக்கியவுடன் காதோர முடி பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக வருவது இவையெல்லாம் சேர்ந்த விளைவு.

14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். இருட்டின் அதே அளவுக்கு நூறு படிகளுக்கு மேல் இருக்கும். எனவே படிக்கட்டுத் தொல்லை வராது. வருவது நாய்ஸ் மட்டும்தான். ஐஎஸ்ஓ 100-ல் எடுத்தது என்றால் இன்றைய கேமராக்களில் மூன்று ஸ்டாப் வரை தூக்கினாலும் முகம் தாங்கும். ஐஎஸ்ஓ 3200-ல் ஒரு ஸ்டாப்பைத் தாண்டும்போதே நிழல்களில் நிறப்புள்ளிகள் கிளம்பிவிடும். லைட்ரூம் ரா ஃபைலுக்கு `Color` நாய்ஸ் குறைப்பை 25-ல் தானாகவே வைத்திருக்கும். ஜேபெக்குக்கு அது 0. ஜேபெக்கில் நிழலைத் தூக்கினால் அதை 15, 20 என்று கையால் ஏற்றிப் பார்ப்பது உதவும்.

தாங்குகிறது என்பதற்காக `Shadows`-ஐ +80 வரை கொண்டுபோவதுதான் நம் ஊர் எடிட்டிங்கில் என்னை மிகவும் வருத்தும் பழக்கம். மாநிறம், கருநிறத் தோலின் பெரும்பகுதி அந்த ஸ்லைடர் ‘இருட்டு’ என்று எண்ணிக்கொள்ளும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஏற்றினால் காதோர நிழலோடு முகமும் சேர்ந்து வெளுக்கும். தாடைக் கோடு, கண்குழி எல்லாம் அழிந்து, தோலில் சாம்பல் படியும். அது அந்த மனிதரின் நிறமே அல்ல. இந்த ஃபிரேமில் `Shadows` +25 போதும். தலைமுடிக்கும் சட்டையின் நிழல் பக்கத்துக்கும் இன்னும் வேண்டுமானால் மாஸ்க் போட்டுத் தனியாகத் தூக்கலாம். பிறகு `Blacks`-ஐ -10 இறக்கினால் முடியின் கருப்பு முடியின் கருப்பாகவே நிற்கும்.

ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் நெற்றியை மீட்க முடியாது, பூசத்தான் வேண்டும். ஃபோட்டோஷாப்பில் ஃபைலை 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதனால் புது விவரம் வராது. அடுத்தடுத்த மாற்றங்களில் படிகள் மேலும் உடையாமல் இருக்கும், அவ்வளவே. மேலே ஒரு புது லேயர் போட்டு `Darken` மோடில் வையுங்கள். திட்டுக்குப் பக்கத்தில் சரியாக இருக்கும் தோலில் `Alt` அழுத்தி நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷில் `Flow` 5 முதல் 8 சதவீதம் வைத்து மெல்ல மெல்லப் பூசலாம். `Darken` தன்னைவிட வெளுத்த இடங்களை மட்டும் இறக்கும் என்பதால் புருவமும் முடியும் கெடாது. ஏறிப்போன பச்சை இறங்கி மஞ்சளும் போய்விடும். திட்டின் நடுவில் கொஞ்சம் வெளுப்பை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் நெற்றி பலகை மாதிரி ஆகிவிடும். தோலின் துளைகள் இல்லாமல் வழவழப்பாகத் தெரிந்தால் அதே லேயரின் மேல் மிக லேசாக நாய்ஸ் சேர்த்தால் பக்கத்துத் தோலோடு ஒட்டிவிடும். பெரிய திட்டு என்றால் இந்தப் பூச்சு 6×4 பிரிண்டில் தாங்கும். ஆல்பத்தின் முழுப் பக்க க்ளோசப்புக்கு அந்த ஃபிரேமைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

எடுக்கும்போதே ஜேபெக் மட்டும்தான் என்று தெரிந்தால் கேமரா திரையில் மூன்று நிறங்களும் தனித்தனியாக வரும் ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பை மட்டும் பாருங்கள். அது வலப்பக்கச் சுவரில் ஏறி நின்றால் மூன்றில் ஒரு ஸ்டாப் முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை இறக்கி எடுங்கள். பிக்சர் ஸ்டைலில் கான்ட்ராஸ்ட்டையும் ஒரு படி குறைத்து வையுங்கள். கழுத்து நிழலில் கொஞ்சம் இழப்பு வரும். அந்த இழப்பை யாரும் கவனிக்க மாட்டார்கள். நெற்றித் திட்டு மட்டும் ஆல்பத்தைத் திறந்ததுமே கண்ணில் படும்.