இரண்டு ஃபிளாட் போட்ட ஒரு பாட்டும் கொப்பியில் கீறிய வட்டமும்

கீபோர்ட் பழகத் தொடங்கி இது நான்காவது மாதம். இந்த மாதம் முழுக்க, கீகளை ஐந்தாம் சுர இடைவெளியில் வட்டமாக அடுக்கிக் காட்டும் சர்க்கிள் ஒஃப் ஃபிஃப்த்ஸ் படத்தோடுதான் போனது. கொப்பியின் பின்மட்டையில் மணிக்கூடு மாதிரி ஒரு வட்டம் கீறி, 12 மணிக்கு சி, வலப்பக்கம் 1க்கு ஜி, 2க்கு டி, 3க்கு ஏ, இடப்பக்கம் 11க்கு எஃப், 10க்கு பி ஃபிளாட், 9க்கு ஈ ஃபிளாட் என்று எழுதினேன். உள்ளே ஒரு சின்ன வட்டத்தில் அதே ஷார்ப், ஃபிளாட் எண்ணிக்கை உள்ள மைனர்கள்: சிக்குள் ஏ மைனர், எஃப்புக்குள் டி மைனர், பி ஃபிளாட்டுக்குள் ஜி மைனர்.

12 மணியிலிருந்து வலப்பக்கம் ஒவ்வொரு மணி நகரும்போதும், பழைய கீயின் ‘ப’ புதிய கீயின் ‘ச’ ஆகிறது, ஒரு ஷார்ப் கூடுகிறது, அந்தப் புது ஷார்ப் எப்போதும் புதிய கீயின் ‘நி’. 12இலிருந்து இடப்பக்கம் நகர்ந்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஃபிளாட் கூடும், அது புதிய கீயின் ‘ம’. இது பிடிபட்ட பிறகு பாடமாக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் பாட்டு வந்தது. கோயில் பாடகர் குழுவுக்காக ஒரு போட்டோகொப்பித் தாள், மெட்டு மட்டும், அதோடு சேர்த்து வாசிக்கும் கோர்ட் இல்லை, தொடக்கத்தில் இரண்டு ஃபிளாட். வட்டத்தில் 10 மணியைப் பார்த்தேன், பி ஃபிளாட் மேஜர் என்று முடிவு கட்டி, கடைசிச் சுரம் ஜியாக இருந்ததால் அது அடங்கிய ஈ ஃபிளாட் கோர்ட்டைப் போட்டு முடித்தேன். சரியாகவே உட்காரவில்லை. அன்று பின்னேரம் கடற்காற்றுக்கு ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்ததால் பக்கத்து வீட்டு வயலின் ரீச்சருக்கும் கேட்டிருக்கிறது. மதிலடிக்கு வந்து, “தம்பி, இது கீரவாணியெல்லோ? ஏன் சங்கராபரணம் மாதிரிக் கொண்டு போறீர்?” என்று கேட்டார்.

சங்கராபரணம் என்றால் மேஜர், கீரவாணி என்றால் மைனர் வகை. திரும்பத் தாளைப் பார்த்தேன். இரண்டு தடயம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது: பாட்டு ஜியில் முடிகிறது, முடிவுக்கு முந்திய இடத்தில் எஃப்புக்கு முன்னால் ஒரு ஷார்ப் போட்டிருக்கிறது. ஜிக்கு ‘நி’ எஃப் ஷார்ப்தானே. ஆக இது ஜி மைனர். இரண்டு ஃபிளாட் என்பது எந்த மணி என்று மட்டுமே சொல்லும், வெளி வட்டமா உள் வட்டமா என்பதைப் பாட்டின் முடிவையும் இப்படி இடையில் வரும் ஷார்ப்பையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கீ தெரிந்ததும் கோர்ட் தேடுவது எளிதாகிவிட்டது. 10 மணியும் அதன் இரு பக்கத்து மணிகளும், வெளியே மூன்று உள்ளே மூன்று: பி ஃபிளாட், எஃப், ஈ ஃபிளாட், ஜி மைனர், டி மைனர், சி மைனர். பக்கத்துக் கீகளுக்குள் ஒரு சுரம்தான் வித்தியாசம் என்பதால் இந்த ஆறும் அந்நியமாகக் கேட்பதில்லை, பாட்டு நடுவில் கீ மாறினாலும் பெரும்பாலும் இந்த ஆறுக்குள்தான் போகும்.

ஆனால் முடிவில் டி மைனர் போட்டபோது சத்தம் தளர்ந்து போனது. காரணம் அந்த எஃப் ஷார்ப். டி மைனரில் இருப்பது வெறும் எஃப், மெட்டில் இருப்பது எஃப் ஷார்ப், இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும். அங்கே டி மேஜர் வேண்டும். வட்டத்தில் டி மேஜர் 2 மணியில், நான்கு மணி தள்ளி நிற்கிறது, பக்கத்து ஆறுக்குள் இல்லவே இல்லை. அதனால் மைனர் பாட்டு என்றால் உள் வட்டத்தின் வலப்பக்கத்து மைனரை மேஜராகவும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பேனையால் குறித்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஒத்திகையில் பாடுகிற அக்கா, “எனக்கு இது கீழ, ஒரு தொனி ஏத்தும்” என்றார். வட்டத்தில் ஒரு மணி என்பது ஐந்தாம் சுரம், அதாவது 7 அரைத்தொனி, இரண்டு தடவை ஏறினால் 14, அதில் ஒரு ஸ்தாயியின் 12 கழிந்தால் மிச்சம் 2, அதாவது ஒரு முழுத் தொனி. ஆகவே எல்லாவற்றையும் வலப்பக்கம் இரண்டு மணி தள்ளினேன். ஜி மைனர் ஏ மைனர் ஆனது, சி மைனர் டி மைனர், பி ஃபிளாட் சி, ஈ ஃபிளாட் எஃப், எஃப் ஜி. டி மேஜர் ஈ மேஜர். தாளில் ஃபிளாட் ஒன்றும் இல்லை, முடிவில் மட்டும் ஜி ஷார்ப். அவசரத்தில் ஒரு வரியில் ஈ மைனர் என்று எழுதிவிட்டேன், வாசித்தவுடனே அதே தளர்ச்சி, எங்கே பிழை என்று காதே காட்டிவிட்டது.

அடுத்த ஞாயிறு பாட்டு ஏ மைனரில். மூன்று ஃபிளாட் போட்ட இன்னொரு தாளும் தந்திருக்கிறார்கள், கடைசிச் சுரம் சி.