பாமினியில் அடித்த அறிக்கையும் காற்புள்ளியை விழுங்கிய 'இ'யும்

களுவாஞ்சிகுடிப் பக்கத்து மாதர் சங்கம் ஒன்றுக்கு, பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் ஆண்டறிக்கை அடித்துக் கொடுத்தேன். முப்பத்தெட்டுப் பக்கம், வேர்ட் பைல். என் கணினியில் கண்ணாடி மாதிரி இருந்தது. அனுப்பி அரை மணித்தியாலத்தில் செயலாளர் அக்கா அழைத்தா.

"தம்பி, போன்ல திறந்தா ஒரு எழுத்தும் தமிழா இல்ல. இங்கிலீசும் இல்ல. என்னமோ கிறுக்கல்."

அவ அனுப்பிய படத்தில் தலைப்பு இப்படி இருந்தது:

```
kl;lf;fsg;G
```

இது பைல் பழுதானதல்ல. பாமினியில் 'மட்டக்களப்பு' என்று அடித்தால் பைலுக்குள் பதிவாவது இந்த ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். k என்ற எழுத்துக்கு 'ம' என்ற வடிவத்தைப் போட்டுக் காட்டுவது பாமினி எழுத்துரு. அது இல்லாத போன், உள்ளே இருப்பதை அப்படியே காட்டிவிடும். யுனிகோடில் அடித்த பைலில் இந்தச் சிக்கல் வராது. அதில் 'ம' 'ம' ஆகவே பதிவாகிறது. கருவியில் ஏதாவது ஒரு தமிழ் எழுத்துரு இருந்தால் போதும். தமிழுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால்தான் யுனிகோட் எழுத்துரு இல்லை என்று பொருள்.

பிடிஎப் ஆக்கி அனுப்பினால் பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் அவ அதில் பெயர்களைத் திருத்த வேண்டும், ஒரு பகுதியைப் பிரதேச செயலகத்துக்கு மின்னஞ்சலில் ஒட்ட வேண்டும். பாமினி பிடிஎப்பில் இருந்து கொப்பி எடுத்தால் திரும்பவும் அந்தக் கிறுக்கல்தான் வரும். ஆகவே யுனிகோடுக்கு மாற்றியே தீரவேண்டும்.

அவசரத்தில் முழு அறிக்கையையும் கொப்பி எடுத்து ஓர் இணைய மாற்றியில் போட்டேன். தமிழ் வந்தது. அடுத்து வரவுசெலவுப் பக்கத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். 25,000 ரூபா என்றிருந்த இடத்தில் 25இ000. 'கல்லடி, ஆரையம்பதி' என்பது 'கல்லடிஇ ஆரையம்பதி'. Bank என்ற சொல் 'டீயமெ' ஆகிக் கிடந்தது.

பாமினியில் காற்புள்ளி விசையை அடித்தால் வருவது 'இ'. அதனால் நான் எண்களையும் காற்புள்ளிகளையும் ஆங்கிலச் சொற்களையும் டைம்ஸ் நியூ ரோமனில் அடித்திருந்தேன். மாற்றியில் ஒட்டும்போது எது எந்த எழுத்துரு என்ற தகவல் போய்விடுகிறது. எல்லாமே பாமினி என்று எடுத்துக்கொண்டு அது மாற்றிவிடுகிறது. நம்மூர்ச் செய்திகளிலும் கடிதங்களிலும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'இ' பலவும் இப்படித்தான் பிறந்தவை.

மூலப் பைலுக்கே திரும்பினேன். வேர்டின் Advanced Find பெட்டியில் தேடும் இடத்தை வெறுமையாக விட்டு, Format > Font இல் Bamini ஐத் தெரிந்து, Find In > Main Document கொடுத்தால் பாமினியில் உள்ளவை மட்டும் ஒன்றாகத் தெரிவாகும். அவற்றுக்கு மஞ்சள் நிறம் பூசினேன். மஞ்சள் உள்ளவற்றை மட்டும் பந்தி பந்தியாக மாற்றி, நிர்மலா யூஐ எழுத்துருவில் ஒட்டினேன். எண்களையும் ஆங்கிலத்தையும் தொடவில்லை. தலைக்குறிப்பும் உரைப்பெட்டிகளும் இந்தத் தேடலில் அகப்படாது, அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். மூன்று மணித்தியாலம் போனது. ஆனால் கணக்குப் பக்கத்தில் ஓர் இலக்கமும் குலையவில்லை.

பிறகும் சரிபார்த்தேன். தமிழில் 'இ' சொல்லின் முதலில்தான் வரும். ஆகவே 'இ'யும் ஓர் இடைவெளியும் சேர்த்துத் தேடினால், தவறிப்போன காற்புள்ளிகள் பிடிபடும். இடைவெளி விடாமல் அடித்தவை இதில் தப்பிவிடும், அவற்றுக்குத் தனியாக 'இ'யைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். Replace All ஐ மட்டும் அழுத்தாதீர்கள். 'இ'யில் தொடங்கும் சரியான சொற்களும் குலைந்து, 'இல்லை' என்பது ',ல்லை' ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பாமினியில் 'கௌ' என்பதன் கடைசித் துண்டும் 'ள' என்ற எழுத்தும் ஒரே விசை. சில மாற்றிகள் 'கௌரவ' என்பதைக் 'கெளரவ' என்று மாற்றிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் அகப்படாது. எங்கள் அறிக்கையில் விருந்தினர் பெயர்களுக்கு முன்னால் எல்லாம் 'கெளரவ' என்றுதான் வந்திருந்தது. 'கெள' என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினேன்.

இரவு பத்து மணிக்கு மறுபடி அனுப்பினேன். திறந்து பார்த்தால் மட்டும் போதாது, தேடும் பெட்டியில் 'களுவாஞ்சிகுடி' என்று அடித்துப் பாருங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். சற்று நேரத்தில் பதில் வந்தது: "ஓம் தம்பி, பதினொரு இடத்துல காட்டுது."