கைரேகை விழாத அக்காவும் ஜேஏஐஐபி கேஒய்சி கேள்விகளும்

வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி தேர்வை எழுதுகிறவர்கள் பெரும்பாலும், வாடிக்கையாளரின் அடையாளத்தையும் முகவரியையும் சரிபார்க்கும் கேஒய்சி பாடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். கவுண்டரில் தினமும் செய்கிற வேலைதானே, அதற்கென்ன தனியாகப் படிப்பு என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் கிளையில் நாம் பழகியிருக்கும் வழக்கம் ஒன்று, விதி சொல்வது வேறொன்று. கேள்வியில் வரும் நான்கு விடைகளில் ஒன்று நம் கிளை வழக்கமாகவே இருக்கும். அதைப் பார்த்ததும் கை தானாக அங்கே போய்விடும்.

நான் இந்தப் பாடத்தைப் படித்தது பிரிவு பிரிவாக அல்ல. கவுண்டருக்கு வரும் ஒரு ஆளை எடுத்துக்கொண்டு, அவர் கணக்கு தொடங்குவதற்குள் எத்தனை கேள்விகள் எழும் என்று எழுதிப் பார்ப்பேன். அப்படி ஒன்றை இங்கே தருகிறேன்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு அக்கா. கல்யாணத்துக்கு முன் களக்காட்டில் இருந்தவர். ஆதாரில் இன்னும் களக்காட்டு முகவரிதான். பான் அட்டை இல்லை. கேஸ் மானியம் விழுவதற்கு ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும். கையில் ஆதாரும், இப்போதைய வீட்டுக்கு அவர் பெயரிலேயே உள்ள வீட்டு வரி ரசீதும் இருக்கின்றன. வாக்காளர் அட்டை களக்காட்டு முகவரியில், வீட்டுப் பெட்டியில்.

முதல் கேள்வி, ஆதார் எண்ணை வாங்கலாமா? 2018 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வங்கிக் கணக்குக்கு ஆதாரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் பயனைப் பெறக் கணக்கு தொடங்குகிறவரிடம் எண்ணை வாங்கி, அதை உறுதிப்படுத்த வேண்டும். நம் அக்கா இந்த வகை. இதே அக்கா மானியம் எதுவும் கேட்காமல், சீட்டுப் பணம் போட்டு வைக்கக் கணக்கு கேட்டிருந்தால் கதை மாறிவிடும். அப்போது ஆதார் கொடுப்பது அவர் விருப்பம். ஆதார் உறுதிப்படுத்தல் தேவைப்படாத இடத்தில் வெறும் ஆதார் நகலைக் கொடுத்தால், எண்ணை அவர் மறைத்துத் தருவதை வங்கி உறுதிசெய்ய வேண்டும். “எல்லா ஆதார் நகலிலும் எண்ணை மறைக்க வேண்டும்” என்று ஒரு விடை இருந்தால் அது பொறி. உறுதிப்படுத்தல் தேவையா இல்லையா என்பதைக் கேள்வியின் முதல் வரியிலேயே தேடிப் பிடித்துவிடுங்கள். கிளைக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி எல்லாருக்கும் முழு எண்ணோடு இரண்டு நகல் போட்டுத்தான் அனுப்புவார். அது விதி இல்லை.

இரண்டாவது, முகவரி. இங்கே இரண்டு பாதைகள் உண்டு. தேர்வு வைப்பவர்களுக்கு இவற்றைக் கலந்துவிடுவதில் தனி சந்தோஷம். அக்கா ஆதார் எண்ணைக் கருவியில் உறுதிப்படுத்தும் இ-கேஒய்சி வழியாக வந்து, இப்போதைய முகவரி வேறு என்று சொன்னால், அதற்கு அவருடைய சுய உறுதிமொழியே போதும். வரி ரசீதைக் கேட்க வேண்டியதில்லை. அதே அக்கா பழைய முகவரியுள்ள வாக்காளர் அட்டையை மட்டும் கொடுத்தால் சுய உறுதிமொழி செல்லாது. அப்போதுதான் வீட்டு வரி ரசீது, இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின் கட்டண ரசீது போன்றவை முகவரிக்கு மட்டும் தற்காலிகமாக ஏற்கப்படும். புதிய முகவரியுள்ள அதிகாரபூர்வ ஆவணத்தை மூன்று மாதத்துக்குள் அவர் கொண்டுவர வேண்டும். மூன்று மாதம் என்பது இரண்டாவது பாதைக்கு மட்டும்.

பான் இல்லாததற்குப் படிவம் 60. இதில் யாரும் தவறுவதில்லை. ஆனால் அதிகாரபூர்வ ஆவணங்களின் பட்டியலில் பான் அட்டை கிடையாது என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார் வைத்திருப்பதற்கான சான்று, வாக்காளர் அட்டை, மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம், இந்த ஆறுதான். குடும்ப அட்டையும் இதில் இல்லை. நம் ஊரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

இனிதான் முக்கியமான இடம். அக்கா கருவியில் விரலை வைக்கிறார். விழவில்லை. வருஷக்கணக்கில் இலையும் தூளும் தேய்த்த விரல். “தம்பி, ரேஷன் கடையிலயும் இப்படித்தான் பண்ணும்” என்கிறார். முக அடையாளத்தையும் முயன்று பார்க்கலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் என்ன செய்வது? “கணக்கு தொடங்க மறுக்க வேண்டும்” என்பது தவறான விடை. “ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொண்டு தொடங்கலாம்” என்பதும் தவறு. காயம், நோய், முதுமை அல்லது வேறு காரணத்தால் பயோமெட்ரிக் வேலை செய்யாதபோது, எண்ணை வாங்கிக்கொண்டு, முடிந்தால் இணையமில்லாச் சரிபார்ப்பு செய்ய வேண்டும். அட்டையிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வது அதில் ஒரு வழி. இல்லையென்றால் வேறொரு அதிகாரபூர்வ ஆவணத்தின் சான்றிட்ட நகல். அதாவது அக்கா வீட்டுக்குப் போய் அந்த வாக்காளர் அட்டையை எடுத்து வர வேண்டியிருக்கலாம்.

இதோடு முடியவில்லை. இந்த விதிவிலக்கை வங்கி அதிகாரியே செய்ய வேண்டும், வங்கியின் முகவராக ஊருக்குள் வேலை செய்யும் வணிகத் தொடர்பாளர் செய்யக் கூடாது. அதற்கென்று உள்ள மையத் தரவுத்தளத்தில் காரணத்தோடு பதிய வேண்டும். வேலை நடக்க நடக்கவே செய்யும் உடன்நிகழ் தணிக்கையிலும் அது பார்க்கப்படும். ஊருக்குள் கையடக்கக் கருவியோடு வரும் பையன் “நான் முடிச்சுத் தாரேன் அக்கா” என்று சொல்வது நல்ல மனசுதான். விடைத்தாளில் அது தவறு.

சான்றிட்ட நகல் என்றால், அசலை அதிகாரி கையில் வாங்கி நகலோடு ஒப்பிட்டு, ஒப்பிட்டதை நகலிலேயே குறித்திருக்க வேண்டும். அக்கா வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை அச்செடுத்து முத்திரை குத்தினால் அது சான்றிட்ட நகல் ஆகாது. தவிர, வாடிக்கையாளரின் அட்டை ஊழியரின் சொந்தக் கைபேசியில் கிடப்பது இன்னொரு பிரச்சினை. அவசரத்தில் பலரும் செய்கிற காரியம் என்பதால் இதைக் கேள்வியாக வைப்பது சுலபம்.

ரகசியம் பற்றிய கேள்விகள் இந்த இடத்தில்தான் ஒட்டிக்கொள்ளும். அக்காவின் கணக்கு தொடங்கிய மறுநாள், கிளையில் உட்கார்ந்திருக்கும் காப்பீட்டு நிறுவனத்துப் பிரதிநிதி புதுக் கணக்குகளின் பட்டியல் கேட்கிறார். வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. கொடுக்கலாமா? கணக்கு தொடங்க வாங்கிய விவரங்களை வேறு பொருள் விற்பதற்குத் தர வேண்டுமானால், வாடிக்கையாளரின் வெளிப்படையான அனுமதி வேண்டும். கணக்குப் படிவத்தில் போட்ட கையெழுத்தே அதற்கும் அனுமதி என்று ஒரு விடை இருந்தால் விட்டுவிடுங்கள். மருமகளின் இருப்பைக் கேட்டு மாமியார் வந்தாலும் இதே ரகசியக் கடமைதான். இதற்கு அடிப்படையாக இங்கிலாந்தில் நடந்த 1924-இன் டூர்னியர் வழக்கைப் படிக்கச் சொல்வார்கள். அது சொல்லும் விலக்குகள் நான்கு: சட்டக் கட்டாயம், பொதுமக்கள் மீதான கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம். உறவு முறை அந்த நான்கில் இல்லை.

படிக்கும் புத்தகத்தில் 2016-ஆம் ஆண்டு கேஒய்சி வழிகாட்டலின் பிரிவு எண்கள் இருந்தால் அவற்றை மனப்பாடம் செய்யாதீர்கள். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி வழிகாட்டல்களை நிறுவன வகைவாரியாகத் தொகுத்து வெளியிட்டது, எண்கள் மாறிவிட்டன. அதே மாதம்தான் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் அறிவிக்கப்பட்டன. அவற்றின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு.

இந்தத் தரவுச் சட்டமும் பணமோசடித் தடுப்புச் சட்டமும் மோதுவது போலத் தெரியும் ஒரு கேள்வி: அக்கா கணக்கை மூடிவிட்டு, “என் ஆதார் விவரம், போட்டோ எல்லாத்தையும் அழிச்சிருங்க” என்கிறார். தரவுச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் வேறொரு சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டியதை அதே சட்டம் விலக்குகிறது. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி, அடையாள ஆவணங்களைக் கணக்கு உறவு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். பரிவர்த்தனைப் பதிவுக்கும் ஐந்து ஆண்டுதான், ஆனால் அது அந்தப் பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து. அதனால் உடனே அழிப்பதும் தவறு, காலத்துக்கும் வைத்திருப்பதும் தவறு. கணக்கு மூடிய தேதியிலிருந்து ஐந்து ஆண்டு என்று சொல்லும் விடையைத் தேடுங்கள்.