அப்பாவின் நேர்த்திக்கடன்: தண்ணீர்மலையில்

சித்தப்பாவுக்கும் அத்தைகளுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். அப்பாவின் தலைத்திவசம் ஐப்பசித் தேய்பிறைப் பஞ்சமியில் குறைவின்றி நிறைவேறியது.

லண்டனில் தம்பி செவ்வாய்க்கிழமையே திதி கொடுத்ததும் நாங்கள் பினாங்கில் புதன்கிழமை கொடுத்ததும் எப்படி என்று அத்தை கேட்டிருந்தார். இரண்டுமே சரிதான். திதி எல்லா ஊரிலும் ஒரே நொடியில்தான் பிறக்கிறது. ஆனால் சிராத்தத்திற்கு அந்தந்த ஊரின் பிற்பகலில் அந்தத் திதி இருக்க வேண்டும். இந்த முறை பஞ்சமி இங்கே செவ்வாய் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, புதன் மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்தங்கியது. அங்கே புதன் காலை ஒன்பதுக்கே பஞ்சமி போய்விட்டது. பிற்பகலில் இருந்தது செவ்வாயன்றுதான். மெல்பர்னில் இருப்பவர்களுக்கு நம்மைப் போலவே புதன். அடுத்த ஆண்டும் அவரவர் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். இங்கிருந்து தேதி சொன்னால் தவறிவிடும்.

தீட்டு ஆண்டு முழுவதும் மலையேறவில்லை. கார்த்திகை தவறாமல் ஏறியவரின் பிள்ளைக்கு அது எவ்வளவு கனமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். லண்டன் பேத்தி நல்லபடியாகப் பிறந்தால் வெள்ளி வேல் சாத்துவதாக அப்பா வேண்டியிருந்தார். வேல் வாங்கி வைத்தவர் சாத்துவதற்குள் போய்விட்டார். அதனால் திதி முடிந்த ஞாயிறன்றே புறப்பட்டோம்.

அடிவாரத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. தட்டு வாங்கச் சொல்லி ஒருவர் வழி நெடுகத் தொல்லை கொடுத்தார். 513 படிகளும் மழையில் நனைந்து வழுக்கின. படம் எடுப்பவர்கள் நடுவிலேயே நின்றுகொண்டு நகரவில்லை. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முருகா முருகா என்றபடி, ஒரு முறைகூடத் திரும்பிவிடலாம் என்று சொல்லாமல் ஏறினார்.

சந்நிதியில் குருக்கள், "யார் பெயருக்கு அர்ச்சனை?" என்றார். எப்போதும் முதலில் வருவது அப்பாவின் பெயர், விசாக நட்சத்திரம். பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது; பெயர் தொண்டையோடு நின்றது. போனவருக்கு நட்சத்திர அர்ச்சனை ஏது? அம்மாதான் என் கையைத் தொட்டு, பேத்தியின் பெயரையும் உத்திரம் என்பதையும் சொன்னார். விரல் நீள வேல் பாலதண்டாயுதபாணியின் திருவடியில் இருந்தது. தீபாராதனையில் அதன் முனை மட்டும் பளிச்சென்றது. அங்கேயே அழுதுவிட்டேன், மறைக்கவில்லை.

பேரம் பேசாமல் கொடுக்கும் தெய்வம் நம் அப்பன் முருகன். குழந்தையைக் கொடுத்தான், கடனை அடைக்க எங்களுக்குக் காலும் கொடுத்தான். செலவில் பங்கெடுத்த சித்தப்பாவுக்கும், இரவு விழித்திருந்து தொலைபேசியில் கூடவே இருந்த அத்தைக்கும் அம்மா நன்றி சொல்லச் சொன்னார். விபூதியும் சந்தனமும் தபாலில் வருகின்றன. தம்பி, குழந்தைக்கு முதலில் இட்டுவிடு.