28 எழுத்துகளும் ஒரு சிம் கார்டும்

மதுரைக்கு வரும் இரவு ரயிலில், திண்டுக்கல் தாண்டிக் கண்விழித்தபோது தலைமாட்டில் வைத்திருந்த பை இல்லை. ஐபோன், மேக்புக், பர்ஸ் மூன்றும் அதில்தான் இருந்தன. ஆப்பிள் கணக்கில் நான் பதிந்திருந்த நம்பகமான சாதனங்கள் அந்த இரண்டுமே. பாஸ்வேர்டோ போனே உருவாக்கிக் கொடுத்த நீளமான ஒன்று. அதை ஒருநாளும் கையால் அடித்ததில்லை, அதனால் மனதில் இல்லை. இரண்டு வருடப் புகைப்படங்கள், அலுவலகக் குறிப்புகள், அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் பேசிய வீடியோ எல்லாம் அந்தக் கணக்குக்குள் இருந்தன.

கணக்கை முதலில் அமைத்தபோது, பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவும் ரெக்கவரி கீ என்பதை ஆன் செய்திருந்தேன். நான்கு நான்காக ஏழு தொகுதி, நடுவில் சிறு கோடுகள், மொத்தம் 28 எழுத்தும் எண்ணும். திரையில் காட்டியதைப் பிரின்ட் எடுத்தேன். மறுபடி ஒருமுறை அதை அடித்துக் காட்டிய பிறகுதான் அது அமலுக்கு வந்தது. அந்தத் தாளை நாலாக மடித்து, மதுரை வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருந்தேன்.

இதை ஆன் செய்தவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாதாரணமாகப் பாஸ்வேர்டை மறந்தால், ஆப்பிளிடம் விண்ணப்பித்துச் சில நாள் காத்திருந்து கணக்கைத் திரும்பப் பெறும் வழி ஒன்று உண்டு. ரெக்கவரி கீயை ஆன் செய்தால் அந்த வழி மூடப்படுகிறது. நம்பகமான சாதனமும் இல்லை, கீயும் இல்லை என்றால் ஆப்பிள் ஊழியர்களாலும் கணக்கைத் திறந்து தர முடியாது. அன்று காலை அந்த மடித்த தாள்தான் எனக்கு மிஞ்சிய ஒரே வழி.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பத்திரக் கவர்லதானேடா வச்ச, நான் எதையும் எடுக்கலையே" என்றார். தாள் இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் தாள் மட்டும் போதாது என்பது அடுத்த பத்து நிமிடத்தில் தெரிந்தது. பாஸ்வேர்டை மாற்ற மூன்று வேண்டும்: ரெக்கவரி கீ, கணக்கில் பதிந்த நம்பகமான போன் எண், ஏதாவது ஒரு ஆப்பிள் சாதனம். மூன்றாவது கஷ்டமில்லை, அக்காவிடம் ஐபோன் இருந்தது. போன் எண்தான் திருடுபோன போனுக்குள் இருந்தது.

அதனால் முதல் வேலை சிம். அக்கா போனிலிருந்து நெட்வொர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பழைய சிம்மை முடக்கச் சொன்னேன். சிம்மை வேறு போனில் போட்டாலே எனக்கு வரும் குறுஞ்செய்திக் குறியீடுகள் திருடியவன் கைக்குப் போய்விடும், அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிறகு ரயில்வே போலீசில் புகார் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு கடைக்குப் போய், கைரேகை வைத்து அதே எண்ணில் புதிய சிம் வாங்கினேன். மதியத்துக்குள் பேச முடிந்தது. குறுஞ்செய்தி மட்டும் வரவே இல்லை. பழுது என்று நினைத்து இரண்டு முறை கடைக்கு நடந்தேன். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார்: "சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராதுங்க சார். எல்லாருக்கும் இதே ரூல்தான்." வேறொருவர் நம் எண்ணில் சிம் வாங்கி வங்கிக் கணக்கைக் காலி செய்வதைத் தடுக்கத்தான் அந்த விதி. நியாயமானதுதான். ஆனால் கையில் கீ இருந்தும் ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் அக்கா போனில் ஆப்பிள் சப்போர்ட் செயலியை இறக்கினோம். அதில் Reset Password என்பதற்குள் Help Someone Else என்று ஒரு தேர்வு இருக்கிறது. அக்காவின் கணக்கிலிருந்து வெளியேற வேண்டியதில்லை, அவர் தகவல்கள் எதுவும் என் கணக்கோடு கலக்காது. என் மின்னஞ்சல் முகவரியையும் போன் எண்ணையும் கொடுத்தேன். புதிய சிம்முக்குக் குறியீடு வந்தது. அதைப் போட்டதும் ரெக்கவரி கீயைக் கேட்டது.

தாளை விரித்தேன். நாலாக மடித்திருந்ததில் ஒரு மடிப்பு சரியாக ஐந்தாவது தொகுதியின் மேல் விழுந்திருந்தது. லேசர் பிரின்டரின் மை தாளுக்குள் ஊறாது, பொடியாக மேலே ஒட்டி நிற்கும். மடித்த இடத்தில் அது உதிரும். அந்தத் தொகுதியின் மூன்றாம் எழுத்தில் மேல் பாதி மட்டும்தான் இருந்தது. P-யாகவும் இருக்கலாம், R-ஆகவும் இருக்கலாம். P என்று போட்டேன், ஏற்கவில்லை. உடனே அடுத்ததை முயலக் கை வரவில்லை. தவறு வேறெங்காவது இருக்கலாமே என்ற பயம். எல்லா எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்கிறதா, சிறு கோடுகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று அக்கா வாசிக்க வாசிக்கச் சரிபார்த்தேன். அப்புறம் அக்கா தாளை ஜன்னலோரம் கொண்டுபோய், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். மை போன இடத்திலும் ஒரு மெல்லிய பளபளப்பு மிச்சமிருந்தது. சாய்ந்த காலொன்று கீழே இறங்குவது தெரிந்தது. R போட்டேன். புதிய பாஸ்வேர்டை அமைக்கச் சொல்லித் திரை மாறியது. அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார்.

புதிய பாஸ்வேர்டு வந்ததும் முதலில் அக்கா போனின் பிரவுசரில் icloud.com/find போய் இரண்டு சாதனங்களையும் தொலைந்தவை என்று குறித்தேன். அதற்குக் குறுஞ்செய்திக் குறியீடுகூடத் தேவையில்லை, பாஸ்வேர்டு போதும். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். திருடுபோன போனைக் கணக்கின் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். அப்படி நீக்கினால், வேறொருவர் போனைப் பயன்படுத்த விடாத ஆக்டிவேஷன் லாக் விலகி, திருடியவன் அதைப் புதுப்போன்போல் விற்கலாம். பட்டியலில் அப்படியே விட்டுவைத்தேன். நாலு நாள் கழித்து, "உங்கள் ஐபோன் கிடைத்தது, பார்க்க இங்கே அழுத்தவும்" என்று ஒரு செய்தி வந்தது. பாஸ்வேர்டைப் பறிக்கும் போலிப் பக்கத்துக்கான இணைப்பு அது. தொடாமல் அழித்தேன்.

வேறு போன் வாங்கி உள்நுழைந்தபோது இன்னொரு கேள்வி காத்திருந்தது: பழைய ஐபோனைத் திறக்கும் ஆறு இலக்க எண். சேமித்த பாஸ்வேர்டுகள் போன்றவை சாதனத்தின் அந்த எண்ணால் பூட்டப்பட்டவை. கணக்கைத் திரும்பப் பெற்றாலும் அதைச் சொன்னால்தான் அவை இறங்கும். 10 முறை தவறினால் ஆப்பிளிடம் இருக்கும் அவற்றின் பிரதி அழிந்தேபோகும். தினமும் அடித்த எண் என்பதால் விரல்களுக்கே நினைவிருந்தது. இரவு பதினோரு மணிக்குப் புகைப்படங்கள் இறங்கத் தொடங்கின. அப்பாவின் வீடியோ வரும்வரை அம்மா தூங்கவில்லை.

அந்த வாரமே பழைய கீயை நீக்கிப் புதியது உருவாக்கினேன். புதியது வந்ததும் பழையது செல்லாது, அதனால் பழைய தாளைக் கிழித்தேன். இந்த முறை எழுத்தைப் பெரிதாக்கி, தொகுதிக்கு ஒரு வரியாக ஏழு வரியில் பிரின்ட் எடுத்தேன். மேலே பேனாவால் தேதி எழுதி, மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டேன். ஒன்று அம்மாவின் பீரோவில், இன்னொன்று அக்கா வீட்டில்.